வெளுத்ததெல்லாம் லிக்னின் போனதல்ல

நாலாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. 11 செ.மீ. நீளமுள்ள ஓர் ஐஸ்கிரீம் குச்சி. காய்ந்திருக்கும்போது மேசையில் தட்டினால் டக்கென்று சத்தம் வரும். தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நனைந்த துணி மாதிரி தொங்கிவிடும். மறுபடி காயவைத்தால் மறுபடி டக். மரத்தின் செல் சுவரில் செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி நிரம்பியிருக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறக்குறைய முழுவதும் இப்போது அதற்குள் இல்லை. இந்த நிலைக்கு வருவதற்குள் ஏழு குச்சிகள் வீணாயின, ஒன்று கூழாகக் கரைந்தே போனது, மூன்று வாரம் ஓடிவிட்டது.

எதற்காக இதில் இறங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். சூரியகாந்திச் செடி ஒன்றின் தண்டை நுனியிலும் அடியிலும் வெட்டி, இரண்டு துண்டுகளையும் பத்து சதவீத உப்புக் கரைசலில் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் நுனித் துண்டு துவண்டுவிட்டது. அடித் துண்டு அசையவில்லை. நுனியை நிமிர்த்தி வைத்திருந்தது செல்களுக்குள் இருந்த தண்ணீரின் அழுத்தம். உப்பு அந்தத் தண்ணீரை உறிஞ்சியதும் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிட்டது. அடித்தண்டு அந்த அழுத்தத்தை நம்பி நிற்கவில்லை. அதன் செல் சுவரே அதைத் தாங்குகிறது.

அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வீஸ்னர் சோதனை செய்தேன். ஃபுளோரோகுளூசினாலை இரண்டு சதவீதம் எத்தனாலில் கரைத்து, அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஒரு சொட்டு விட்டால் லிக்னின் இருக்கும் இடம் செர்ரிப் பழச் சிவப்பாகும். 1878இலிருந்து இருக்கும் சோதனை இது. சரக்கு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள முதலில் செய்தித்தாளில் ஒரு சொட்டு விடுங்கள். மரத்தை அரைத்துச் செய்த மலிவான தாளில் லிக்னின் அப்படியே இருக்கும், உடனே சிவக்கும். ஆய்வகத்து வடிதாள் சிவக்காது, அது கிட்டத்தட்ட வெறும் செல்லுலோஸ்.

பிளேடால் சீவிய தண்டுச் சீவலில் படம் தெளிவாகவே இருந்தது. நுனியில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள் மட்டும், அவை நீர் ஏறும் இளங்குழாய்கள். அடித்தண்டில் தோலை ஒட்டி உள்ளே ஒரு முழுச் சிவப்பு வளையம், நடுவில் நிறமே ஏறாத வெள்ளைச் சோறு. தண்டு வளையும்போது இழுப்பும் நெருக்கமும் அதிகமாக விழுவது வெளி ஓரத்தில்தான், உறுதியான பொருளையும் செடி அங்கேதான் வைத்திருக்கிறது. சரி, அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துவிட்டால் தண்டு என்ன ஆகும்? இதுதான் கேள்வி.

ஏன் குச்சி, எப்படி அளந்தேன்

பச்சைத் தண்டில் இதைச் செய்து அளக்க முடியாது. ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு தடிமன், நடுவில் சோறு, காய்ந்தால் சுருக்கம். அதனால் ஒரே அளவில் வெட்டி வரும் பிர்ச் மர ஐஸ்கிரீம் குச்சிகளை எடுத்துக்கொண்டேன். மரமும் தண்டுதான், அந்தச் சிவப்பு வளையமே ஆண்டுக்கணக்கில் தடித்தது. ஒரு கட்டிலிருந்து இழை ஓட்டம் நேராக இருப்பவையாக இருபதைப் பொறுக்கி, வளைந்த முனைகளை அரத்தால் தேய்த்து 110 × 10 × 2 மி.மீ. ஆக்கினேன். இழை ஓட்டத்தைப் பார்க்காமல் எடுத்தால் வேலைக்காகாது. ஓட்டம் சாய்ந்திருக்கும் குச்சி என்ன செய்தாலும் அந்தச் சாய்விலேயே பிளக்கும்.

அளக்கும் சாதனம் எளிமையானது. 90 மி.மீ. இடைவெளியில் இரண்டு உருண்டை எஃகுக் கம்பிகள், அவற்றின் மேல் குச்சி. நடுவில் நூலில் 500 கிராம் எடை தொங்கும். எவ்வளவு தொய்கிறது என்பதை 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜில் படிக்கிறேன். முதலில் வெறும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன், தொய்வே ஒரு மில்லிமீட்டர்தான் என்னும்போது அது விளையாட்டு. கணக்கு இது:

```
E = F·L³ / (4·b·h³·d)
```

F எடையின் விசை, L தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரம், b அகலம், h தடிமன், d தொய்வு. E என்பது பொருளின் விறைப்பு. h மூன்று மடி ஏறுகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் அது என் காலை வாரியது.

எதுவும் செய்யாத குச்சியை 103 டிகிரி அடுப்பில் உலர்த்தி எடை போட்டால் 1.30 கிராம், தொய்வு 0.94 மி.மீ. விறைப்பு சுமார் 11.9 கிகாபாஸ்கல் வருகிறது, பிர்ச்சுக்குப் பொருந்தும் எண். இன்னொன்றை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து நனைந்தபடியே வைத்தேன், தொய்வு 1.15 மி.மீ. நனைந்தால் மரம் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். இந்த நனைந்த அளவை நான் சும்மா ஒப்புக்காக எடுத்தேன். கடைசியில் கதையே அதில்தான் இருந்தது.

முதல் முயற்சி: வெள்ளைக் குச்சி

லிக்னின் என்ற பெயரே லத்தீனில் மரம் என்பதிலிருந்து வந்தது, 1813இல் தே கந்தோல் வைத்தது. மரத்தின் பழுப்பு நிறத்துக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். அதனால் நிறத்தை எடுத்தால் லிக்னினை எடுத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆறு சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 200 மி.லி., pH 10.5 வரும்வரை சோடியம் கார்பனேட், 65 டிகிரியில் நாலு மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கரைசலைப் புதிதாக மாற்றினேன்.

முதல் குச்சியை மூழ்கவைக்க இரும்புக் கம்பி சுற்றியிருந்தேன், அது தப்பு. இரும்பு பட்டதும் பெராக்சைடு நுரைத்துச் சிதைந்தது, கம்பி தொட்ட இடத்தில் குச்சி பழுப்பாகக் குழிந்துவிட்டது. அதற்கப்புறம் பிளாஸ்டிக் வலைதான்.

அடுத்த குச்சிகள் பளிச்சென்று வெளுத்தன. கழுவிக் காயவைத்துச் சோதனைச் சொட்டு விட்டேன். சிவப்பே இல்லை. வடிதாள் மாதிரி சுத்தம். ஆகா, முடிந்தது என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன்.

வளைத்துப் பார்த்தபோது காய்ந்த தொய்வு 0.98, நனைந்த தொய்வு 1.24. எதுவும் செய்யாத குச்சியிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் இதைப் பார்த்துவிட்டு, லிக்னினுக்கும் வலுவுக்கும் சம்பந்தம் இல்லையோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன், எடை போட்டேன். 1.30 கிராம் 1.24 ஆகியிருந்தது. ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை. பிர்ச்சில் லிக்னின் மட்டுமே எடையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். அப்படியானால் குச்சிக்குள் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சோதனை ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகக் கேட்டேன். ஃபுளோரோகுளூசினால் லிக்னின் முழுவதையும் பிடிப்பதில்லை. லிக்னின் மூலக்கூற்றில் ஆங்காங்கே இருக்கும் ஆல்டிஹைடு முனைகளோடு மட்டும்தான் சேர்ந்து சிவக்கிறது. காரப் பெராக்சைடு முதலில் கைவைப்பது அந்த முனைகள் மேலும், நிறம் தரும் மற்றப் பகுதிகள் மேலும்தான். வலைப்பின்னலின் உடம்பு அறுபடுவதில்லை. வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வீட்டையே இடித்துவிட்டதாக நினைத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி போன்ற மரத்தகடு செய்கிறவர்கள் இதே வழியில் லிக்னினைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டுவிட்டு வெளுக்க மட்டும் செய்வதுண்டு, அவர்களுக்கு அதன் உறுதி வேண்டும் என்பதால்.

ஆகவே சிவப்பு வந்தால் லிக்னின் உண்டு, சிவப்பு வராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. குறிப்பாக வெளுத்த பொருளில். எடைதான் சாட்சி.

இரண்டாவது, மூன்றாவது: அமிலமும் பெராக்சைடும்

மர இழைகளைத் தனித்தனியாகப் பிரிக்க பிராங்க்ளின் 1945இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. அடர் அசெட்டிக் அமிலமும் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் சம அளவு, 60 டிகிரி. இரண்டும் சேர்ந்து பெரசெட்டிக் அமிலம் உண்டாகும், லிக்னின் வளையங்களை உடைத்துக் கரைப்பது அதுதான். செல்லுலோஸை அது பெரிதாகத் தொடுவதில்லை.

இதை வீட்டில் செய்யாதீர்கள். வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவருடைய ஆய்வகத்தில், புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்தேன். தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துபோகும், ஆவி மூக்கைக் குத்தும். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கும், அதனால் மூடி சும்மா மேலே கிடக்க வேண்டும். பக்கத்தில் அசிட்டோன் இருக்கவே கூடாது. மொத்தமே 100 மி.லி. தான் கலந்தேன், ஒரு ஜாடிக்கு இரண்டு குச்சி.

பன்னிரண்டு மணி நேரத்தில் குச்சி தந்த நிறம். இருபத்து நாலில் வெள்ளை, ஆனால் நடுவில் ஒடித்துப் பார்த்தால் மஞ்சள் கோடு தெரிந்தது, கரைசல் அதுவரை உள்ளே போகவில்லை. பொறுமையில்லாமல் இரண்டாவது முயற்சியில் ஒரு ஜாடியை வார இறுதி முழுக்க, 72 மணி நேரம் விட்டுவிட்டேன். திரும்பி வந்து இடுக்கியால் தூக்கினால் இடுக்கியில் பிடித்த பகுதி மட்டும்தான் வந்தது. மிச்சம் அடியில் பஞ்சு மாதிரி கிடந்தது.

வருத்தப்பட்டாலும் அந்தப் பஞ்சைச் சும்மா விடவில்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒவ்வொன்றும் இரண்டு முனையும் கூர்மையான ஊசி, நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவு. ஒரு இழை என்பது ஒரே ஒரு செல். 11 செ.மீ. குச்சி முழுக்க இந்த ஒரு மில்லிமீட்டர் ஊசிகள் முனை தாண்டி முனை ஒட்டி நிற்பவைதான். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள மெல்லிய படலத்தில் லிக்னின் மிகவும் செறிவாக இருக்கும். அந்தப் படலம் கரைந்ததும் குச்சி என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது, செல்கள் மட்டும் மிச்சம். மொத்த லிக்னினில் பெரும்பங்கு இருப்பது சுவரின் தடித்த உள்ளடுக்கில்தான், ஏனென்றால் அந்த அடுக்குதான் பருமனானது.

மூன்றாவது முயற்சியில் 48 மணி நேரத்தில் நிறுத்தினேன். இந்த முறை குச்சி முழுசாக வந்தது. பிளாஸ்டிக் வலையோடு சேர்த்தே தூக்கினேன், கையால் தொடவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி மூன்று நாள் கழுவினேன், அமில வாசனை போகும்வரை. பிறகு கண்ணாடித் தட்டில் அப்படியே காயவிட்டேன். அதுதான் அடுத்த தப்பு. காய்ந்த குச்சி பக்கவாட்டில் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, படகு மாதிரி வளைந்து கிடந்தது. தாங்கிகளின் மேல் அது உட்காரவே இல்லை.

நாலாவது: எண்கள்

நாலாவது முறை கழுவிய குச்சிகளை வடிதாளுக்கு நடுவே வைத்து, இரண்டு தட்டையான கண்ணாடிகளால் லேசாக அழுத்தி, மூன்று நாள் காயவிட்டு, பிறகு அடுப்பில் உலர்த்தினேன். நேராக வந்தது. எடை 0.94 கிராம். 28 சதவீதம் குறைவு. லிக்னின் மட்டும் என்றால் இருபது சொச்சத்தோடு நின்றிருக்க வேண்டும், ஆகவே செல் சுவரின் இன்னொரு பொருளான ஹெமிசெல்லுலோஸும் கொஞ்சம் கூடவே போயிருக்கிறது. சுத்தமாக ஒன்றை மட்டும் உருவி எடுப்பது நடக்காத காரியம், செல் சுவரில் அவை இரண்டும் வேதிப் பிணைப்பாலேயே தொட்டுக்கொண்டிருக்கின்றன.

காய்ந்த குச்சியில் 500 கிராம் தொங்கவிட்டேன். தொய்வு 2.0 மி.மீ. பழைய 0.94 எங்கே, இது எங்கே! லிக்னின் போனதும் விறைப்பு பாதியாகிவிட்டது என்று எழுதிவிட்டேன். அரை மணி கழித்து வெர்னியரால் அளந்து பார்த்தால் குச்சி இப்போது 9.0 × 1.6 மி.மீ. தான். காயும்போது சுருங்கியிருக்கிறது. தடிமன் மூன்று மடி ஏறும் என்று சொன்னேனே, அதை நானே மறந்துவிட்டேன். புது அளவுகளைப் போட்டால் 12.1 கிகாபாஸ்கல். பழைய குச்சி 11.9. அடர்த்தியும் இரண்டிலும் கன செ.மீ.க்கு 0.59 கிராம்தான். அதாவது எடையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது, குச்சி மெலிந்துவிட்டது, ஆனால் மிச்சமுள்ள பொருள் முன்பிருந்த அதே விறைப்போடு இருக்கிறது.

செல்லுலோஸ் என்ன செய்கிறது என்பது இங்கே தெரிகிறது. குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் நேர்கோட்டில் கோர்த்த சங்கிலிகள் அவை. பல சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு நுண்ணிழை ஆகின்றன. சுவரின் தடித்த அடுக்கில் இந்த நுண்ணிழைகள் செல்லின் நீளவாக்கிலேயே, கொஞ்சம் சாய்வாக, சுருள் சுற்றி ஓடுகின்றன. குச்சியை நீளவாக்கில் விறைப்பாக வைப்பது பெரும்பாலும் இவைதான். காய்ந்த நிலையில் நுண்ணிழைகள் ஒன்றையொன்று நெருங்கி நேரடியாகவே ஒட்டிக்கொள்கின்றன, லிக்னின் இல்லாத குறை தெரிவதில்லை. தாள் காய்ந்ததும் விறைப்பதற்கும் இதேதான் காரணம்.

மர விறைப்பை விளக்குகிறவர்கள் செல்லுலோஸ் கம்பி, லிக்னின் சிமென்ட் என்று கான்கிரீட்டைக் காட்டுவது வழக்கம். எனக்கு இனிமேல் அந்த ஒப்புமை பிடிக்காது. சிமென்டைக் கரைத்துவிட்டால் கம்பிக்கூடு சரிந்துவிடும். இங்கே சரியவில்லையே.

அப்புறம் நனைத்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே குச்சியின் முனை தொங்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஊறியபின் தாங்கிகளின் மேல் வைத்து 500 கிராமை மாட்டியதும் நடுவே மடங்கி எடையோடு கீழே போய்விட்டது. இன்னொரு குச்சியில் 20 கிராம் மட்டும் மாட்டினேன், அதற்கே 3 மி.மீ. தொய்வு. ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால், லிக்னின் உள்ள நனைந்த குச்சியைவிட 65 மடங்கு தொய்கிறது. நனைந்ததை நீளவாக்கில் மெதுவாக இழுத்தால் அறுபடவில்லை, ஊசிகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு பிரிந்து வந்தன. விரல் நடுவே தேய்த்தால் மாவு பிசைந்த மாதிரி.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் காய்ந்த குச்சியை அளந்துகொண்டிருந்ததே பொருத்தமில்லாத வேலை. உயிரோடு நிற்கும் செடியின் தண்டில் காய்ந்த சுவர் எங்கே இருக்கிறது? நீர் ஏறும் குழாய்களும் அவற்றை ஒட்டிய சுவர்களும் எப்போதும் தண்ணீரில் ஊறியே கிடக்கின்றன. தண்ணீர் நுண்ணிழைகளின் நடுவே புகுந்தால் அவை ஒன்றோடொன்று பிடித்திருந்த கை தளர்கிறது, தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. லிக்னின் தண்ணீரை விரும்பாத பொருள். நுண்ணிழைகளைச் சுற்றி நிரம்பி, தண்ணீருக்கு இடம் கொடுக்காமல், அவை வழுக்காதபடி பிடித்துவைக்கிறது. தண்டு காற்றில் சாயும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெருக்கப்படும். இழுப்பைக் கயிறுகூடத் தாங்கும். நெருக்கினால் கயிறு மடங்கும். நனைந்த நுண்ணிழைகளை மடங்காமல் நிறுத்துவதில் லிக்னினுக்குத்தான் முக்கியப் பங்கு.

அதே குச்சியை மறுபடி கண்ணாடிக்கு நடுவே காயவைத்து அளந்தேன், தொய்வு 2.1 மி.மீ. மூன்று முறை நனைத்துக் காயவைத்தும் ஏறக்குறைய அதே எண். எதுவும் அழியவில்லை, ஈரம் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

ஹெமிசெல்லுலோஸ்: பாதியில் நிற்கும் வேலை

மிச்சம் மூன்று வெள்ளைக் குச்சிகள் இருந்தன. ஹெமிசெல்லுலோஸ் காரத்தில் கரையும். தூய செல்லுலோஸைப் பிரித்து அளப்பதற்கு 17.5 சதவீத காஸ்டிக் சோடா பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம், அதையே ஒரு குச்சிக்கு எடுத்தேன். பத்து நிமிடத்தில் குச்சி வழுவழுவென்று வீங்கி, நீளத்தில் சுருங்கத் தொடங்கியது. 110 மி.மீ. 102 ஆனது. இவ்வளவு செறிவான காரம் செல்லுலோஸின் படிகத்துக்குள்ளேயே புகுந்து அதன் அடுக்கை மாற்றிவிடும், பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏற்றுவதும் இப்படித்தான். எனக்கு வேண்டியது செல்லுலோஸை விட்டுவிட்டு ஹெமிசெல்லுலோஸை மட்டும் எடுப்பது. அந்தக் குச்சி கணக்கில் சேராது.

இரண்டாவதை ஐந்து சதவீதக் கரைசலில், அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்தேன். கரைசல் லேசாக மஞ்சளானது. அதைத் தனியாக ஊற்றி, அசெட்டிக் அமிலத்தால் நடுநிலையாக்கி, மூன்று பங்கு எத்தனாலில் மெதுவாகச் சேர்த்தேன். கஞ்சி கலந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டு, பஞ்சுத் துகள்களாக அடியில் இறங்கியது. பிர்ச்சில் இது பெரும்பாலும் சைலான். குச்சியின் உள்ளே இருந்த ஒன்றைத் தனியாகக் கண்ணால் பார்த்தது எனக்கு இந்த மொத்த வேலையிலும் பிடித்த நிமிடம். லிக்னின் கரைந்து போனதைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை, எடையில்தான் தெரிந்தது.

குச்சி 0.84 கிராம் ஆனது. கண்ணாடிக்கு நடுவே காயவைத்தும் நீளவாக்கில் மூன்று வெடிப்பு. 500 கிராம் தாங்கியது, 800 கிராமுக்கு ஒடியவில்லை, பாய்க்கோரை மாதிரி நீளநீளமாகப் பிளந்தது. சைலான் செல்லுலோஸைப் போலக் கெட்டியாக அடுக்காத, கிளைவிட்ட குட்டைச் சங்கிலி. ஒரு பக்கம் நுண்ணிழை மேல் படிந்து, மறுபக்கம் லிக்னினைத் தொட்டு, காயும்போது இழைக்கும் இழைக்கும் ஒட்டுப்பசையாகவும் இருக்கிறது. காகிதக் கூழில் ஹெமிசெல்லுலோஸ் அதிகம் இருந்தால் தாள் நன்றாகப் பிணையும் என்பது அந்தத் தொழிலில் பழகிய விஷயம், என் குச்சி பிளந்ததும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் இது ஒரே ஒரு குச்சி. வெடிப்பு நான் காயவைத்த வேகத்தால்கூட வந்திருக்கலாம். இதை முடிவு என்று சொல்லமாட்டேன்.

அடுத்த முறை மாற்றப் போவது

முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் உலர் எடை. இதைச் செய்திருந்தால் முதல் வாரம் மிச்சமாகியிருக்கும். 2 மி.மீ. குச்சிக்குப் பதில் 1 மி.மீ. சீவல் தகடு எடுப்பேன், அமிலம் நடுவரை போக 48 மணி நேரம் தேவைப்படாது, ஓரம் கரைந்தும் நடு கரையாமலும் இருக்கும் தொல்லை குறையும். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஐந்து குச்சி வேண்டும், இரண்டு போதாது. காரத்தில் ஒரு பாதியை ஒரு நாள் ஆவதற்கு முன்பே நிறுத்தி, ஹெமிசெல்லுலோஸ் எவ்வளவு போனால் பிளக்க ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் வளைப்பது மட்டும் போதாது, குட்டையான கட்டையாக வெட்டி முனையோடு முனை நெருக்கியும் பார்க்க வேண்டும், நனைந்த நிலையில். லிக்னின் உண்மையில் வேலை செய்யும் இடம் அது. அதற்கு என்னிடம் சாதனம் இல்லை, ஒரு பழைய கார் ஜாக்கியும் எடை மேடையும் வைத்துச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மிச்சம் இருந்த ஒரே ஒரு வெள்ளைக் குச்சியை நனைத்து விரலைச் சுற்றி மோதிரமாக மடித்து, நூலால் கட்டிக் காயவைத்தேன். நூலை அவிழ்த்தும் மோதிரமாகவே நின்றது. நேற்று இரவு குறிப்பேடு எழுதும்போது அதன்மேல் தண்ணீர் தெறித்துவிட்டது. காலையில் பார்த்தால் தண்ணீர் பட்ட பக்கம் மட்டும் விரிந்து, கேள்விக்குறி மாதிரி நின்றுகொண்டிருக்கிறது.